திடீரென்று வேகமாக ஓடும் வாட்ச்: வாசகர் கேள்விகள்

அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதா. இத்தனை வருடம் சரியாக ஓடியது. போன வாரத்திலிருந்து தினமும் ஏழு நிமிடம் முன்னால் போகிறது. கடையில் முழு சர்வீஸ், 1,500 ரூபாய் என்கிறார்கள். இரவில் போன் பக்கத்தில்தான் வைப்பேன். கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நன்றாக ஓடிய வாட்ச் ஒரே நாளில் வேகம் பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தத்தை.

உள்ளே பேலன்ஸ் சக்கரம் இரண்டு பக்கமும் ஆடுகிறது. அதைத் திருப்பித் திருப்பி இழுப்பது தலைமுடி போல மெல்லிய ஹேர் ஸ்பிரிங். உங்கள் ஜனதாவில் நொடிக்கு 5 டிக் என்ற கணக்கு அதை நம்பித்தான் இருக்கிறது. அந்த ஸ்பிரிங் பெரும்பாலும் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம். காந்தம் ஏறிவிட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். ஒட்டிய பகுதி வேலை செய்யாது, அதனால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும். நீளம் குறைந்த ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், சக்கரத்தைச் சீக்கிரம் திருப்பி அனுப்பும்.

நூற்றில் ஒரு பங்கு நீளம் குறைந்தாலே வேகம் ஏறக்குறைய அரை சதவீதம் கூடும். ஒரு நாளுக்கு 86,400 நொடி. அதில் அரை சதவீதம் 432 நொடி, அதாவது ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். உங்கள் ஏழு நிமிடம் இதோடு அப்படியே பொருந்துகிறது.

போனின் ஸ்பீக்கரில் காந்தம் உண்டு. மடக்கும் போன் கவரின் மூடியிலும், கைப்பையின் பட்டனிலும் உண்டு. ஒட்டி வைத்தால்தான் ஆபத்து. ஒரு ஜாண் தள்ளி வைத்தால் போதும், தூரம் கூடக்கூடக் காந்தத்தின் பலம் சட்டென்று குறைந்துவிடும்.

காந்தம் ஏறியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகர், திருச்சி

முடியும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண திசைகாட்டி ஒன்று வாங்குங்கள். மேசையில் வைத்து, முள் அடங்கியதும் வாட்சை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் நகர்ந்தால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். காந்தம் ஏறாத இரும்பும் முள்ளை இழுக்கும். அதனால் அதே இடத்தில் வாட்சைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரு பக்கம் முள்ளை இழுத்து, இன்னொரு பக்கம் தள்ளினால் அது காந்தம்தான். வாட்ச் ஓடும்போது முள் நடுங்கினாலும் அதே அர்த்தம்.

முள் அசையவே இல்லை என்பதை மட்டும் வைத்து 'காந்தம் இல்லை' என்று சொல்லிவிட முடியாது. ஹேர் ஸ்பிரிங் மிகச் சின்னது, அதில் கொஞ்சமாக ஏறியிருந்தால் திசைகாட்டிக்குத் தெரியாமல் போகலாம். போனில் உள்ள திசைகாட்டியைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். போனுக்குள்ளேயே காந்தம் இருக்கிறது, வாட்சை அதன் மேல் வைத்துத் தேய்க்காதீர்கள்.

பேட்டரி வாட்சை ஸ்பீக்கர் மேல் வைத்தால் நின்றுவிடுகிறது. காந்தம் எடுக்க வேண்டுமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். ஸ்பீக்கரை விட்டு எடுத்ததும் ஓடும், நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

காந்தம் நீக்கும் கருவி ஆன்லைனில் வாங்கினேன். வாட்சை வைத்து பட்டனை அழுத்தி விட்டேன். முன்னைவிட மோசமாக ஓடுகிறது. கருவி டூப்ளிகேட்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

கருவியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று பார்க்காமலேயே அழுத்தியிருக்கிறீர்கள். கையில் இருப்பது சாவி கொடுக்கும் வாட்ச், அதை இப்படிச் சோதனை செய்யலாமா?

கருவிக்குள் இருப்பது வீட்டு மின்சாரத்தில் ஓடும் கம்பிச் சுருள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதனால் சுருளின் காந்தப்புலமும் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கும். வாட்சில் ஏறிய காந்தத்தை அது இரண்டு பக்கமும் புரட்டிப் போடும். அப்படிப் புரட்டும்போதே புலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தால், கடைசியில் ஸ்பிரிங்கில் எதுவும் மிஞ்சாது. திடீரென்று நிறுத்தினால் அந்த நொடியில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தக் காந்தம் அப்படியே தங்கிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

சரியான முறை இது. வாட்சைக் கருவியின் மேல் வையுங்கள், பட்டனை அழுத்துங்கள். அழுத்திய விரலை எடுக்காமல் வாட்சை மெதுவாக, நேராக மேலே தூக்கி ஒரு கை நீளம் தள்ளிக் கொண்டுபோங்கள். அதன் பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். எல்லாம் சில நொடிதான், அதற்கு மேல் அழுத்தினால் சுருள் சூடாகிவிடும். வாட்சை வேறு பக்கமாகத் திருப்பி இன்னொரு முறை செய்யுங்கள். பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.

வாட்ச் வேகமாக ஓடியது. ரிப்பேர்காரர் 400 ரூபாய் வாங்கி 'டைம் செட்' செய்தார். ஒரு நாள் சரி, மறுநாள் சரியில்லை. இப்போது வேறு கடையில் காந்தம் எடுத்தார்கள். தினமும் ஆறு நிமிடம் பின்னால் போகிறது. எனக்கு வயது 71, ஓய்வூதியத்தில் இருக்கிறேன்.
– வாசகர், திருநெல்வேலி

ஐயா, உங்கள் வாட்ச் கெட்டுப்போகவில்லை. முதல் கடைக்காரர் செய்த தவறு இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

பேலன்ஸ் சக்கரத்துக்கு மேல் ரெகுலேட்டர் என்று ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை நகர்த்தினால் ஹேர் ஸ்பிரிங்கின் நீளம் கூடும், குறையும். காந்தத்தால் வேகமாக ஓடிய வாட்சை அவர் சோதிக்காமல், அந்த நெம்பை மெதுவாகும் பக்கம் தள்ளிவிட்டார். ஸ்பிரிங் ஒட்டுவது எப்போதும் ஒரே அளவில் இருக்காது, வாட்சைப் படுக்க வைத்தால் ஒரு மாதிரி, நிமிர்த்தினால் ஒரு மாதிரி. அதனால்தான் ஒரு நாள் சரி, மறுநாள் சரியில்லை. இப்போது காந்தம் போய்விட்டது, தள்ளிய நெம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. இரண்டாவது கடையில் டைம்கிராஃபரில் வைத்து ரெகுலேட்டரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிக் சத்தத்தைக் கேட்டு ஒரு நாளுக்கு எத்தனை நொடி பிசகு என்று காட்டும் கருவி அது. சில நிமிட வேலை.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கினேன். வேகமாக ஓடியது என்று ஒரு கடையில் 1,800 ரூபாய்க்கு முழு சர்வீஸ் செய்தேன். திரும்பி வந்தும் அதே வேகம். காந்தம் ஏறிய ஸ்பிரிங்கை எத்தனை முறை கழுவினாலும் காந்தம் போகாது. கடைசியில் தெருமுனையில் பெட்டிக்கடை அளவு இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திசைகாட்டியை எடுத்துக் காட்டினார், காந்தம் எடுத்தார், 100 ரூபாய் வாங்கினார். வேகமாக ஓடும் வாட்சைக் கையில் வாங்கியதும் முதலில் காந்தம் பார்ப்பது தொழிலின் அரிச்சுவடி. அதைப் பார்க்காமல் பின்மூடியைத் திறக்கிறவரிடம் வாட்சைக் கொடுக்காதீர்கள். ஐயா, அந்த 400 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

'ஆன்டிமேக்னடிக்' என்று டயலிலேயே போட்டிருக்கிறதே?
– வாசகி, வேலூர்

அதற்கென்று உள்ள ஐ.எஸ்.ஓ. 764 தரம், மீட்டருக்கு 4,800 ஆம்பியர் அளவுள்ள காந்தப்புலம் வரை வாட்ச் தாங்கினால் போதும் என்கிறது. கைப்பைக் காந்தத்தில் ஒட்டி வைத்தால் அந்த அளவு தாண்டிவிடும். சிலிக்கான் ஸ்பிரிங் உள்ள வாட்ச் என்றால் கவலை குறைவு, அதன் விலையே வேறு.

இரண்டு முறை காந்தம் எடுத்தாயிற்று, வேகம் குறையவில்லை.
– வாசகர், மதுரை

அப்படியானால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், அதுவும் சுற்றுகளை இதே மாதிரி ஒட்டவைக்கும். கீழே விழுந்திருந்தால் ஒரு சுற்று ரெகுலேட்டரில் மாட்டியிருக்கலாம். இரண்டையும் திறந்து பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். அதற்கு உங்கள் கடைக்காரர் கேட்கும் சர்வீஸ் பணம் நியாயமானது.