பட்டியலில் மட்டும் வேலை செய்பவர்கள்: சம்பளம், ஓவர்டைம் பற்றிய வாசகர் கேள்விகள்

எங்கள் லேத் பட்டறையில் 45 பேர். எல்லாருக்கும் பேங்கில்தான் சம்பளம். அப்புறம் எப்படிப் போலி ஆள் நுழைய முடியும்?

தாராளமாக நுழையலாம். பேங்க் ஆளைப் பார்ப்பதில்லை, கணக்கு எண்ணைத்தான் பார்க்கிறது. சின்ன ஃபேக்டரிகளில் புதுப்பெயரை உருவாக்க யாரும் மெனக்கெடுவதில்லை. வேலையை விட்டு நின்றவர் பெயரே இன்னும் ரெண்டு மூணு மாசம் பட்டியலில் ஓடும். கணக்கு எண் மட்டும் மாறியிருக்கும். எனவே போன மாசப் பட்டியலையும் இந்த மாசப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, யாருடைய எண் மாறியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மாறியவர்களை நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள். பட்டியலை அக்கவுண்டன்டிடம் வாங்காதீர்கள். பணம் போன விவரத்தை பேங்க் தளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள்.

ஒரே கணக்கு எண் ரெண்டு பேருக்கு இருக்கிறதா என்று எக்செலில் COUNTIF போட்டேன். நாலு பேருக்கு ஒரே எண் என்று காட்டியது. அக்கவுண்டன்டைத் திட்டி அனுப்பிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. எண்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்திருந்தால் திட்டியிருக்க மாட்டீர்கள். COUNTIF முதல் 15 இலக்கங்களைத்தான் ஒப்பிடும். உங்கள் ஆட்களின் கணக்கு எண் 16 இலக்கம். ஒரே கிளையில் வரிசையாகத் தொடங்கியவை, கடைசி இலக்கம்தான் வேறு. எண்களை F பத்தியில் டெக்ஸ்ட்டாக வைத்துக்கொண்டு இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(--($F$2:$F$100=F2))
```

ஒன்றுக்கு மேல் வந்தால்தான் விசாரணை. அப்போதும் புருஷன் பெண்சாதி சேர்ந்து வைத்திருக்கும் கணக்காக இருக்கலாம். முதலில் கேளுங்கள், பிறகு கோபப்படுங்கள்.

பயோமெட்ரிக் வைத்துவிட்டோம். இனி கவலை இல்லைதானே?

மெஷினின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம்? சம்பளம் போடுபவரிடமே இருந்தால், விரல் வைக்காத ஆளுக்கும் கையால் வருகை ஏற்றலாம். கையால் ஏற்றிய பதிவுகளை மட்டும் மாசம் ஒருமுறை தனியாக எடுத்துப் பாருங்கள்.

ஓவர்டைம் பில் ஏறிக்கொண்டே போகிறது, உற்பத்தி ஏறவில்லை. சூப்பர்வைசர் நல்ல மனிதர், மாசக் கடைசியில் மொத்தமாக எழுதிக் கொடுப்பார்.

இந்தக் "மாசக் கடைசியில் மொத்தமாக" என்பதை இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பது நாள் கழித்து எழுதுவது கணக்கே அல்ல. ஓவர்டைம் சீட்டு அன்றைக்கே எழுதப்பட வேண்டும், வேலை தொடங்கும் முன் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை பேர், எந்த மெஷின் என்றுகூடக் கடிதத்தில் எழுதவில்லை. அதனால் நான் பார்த்த ஒரு பட்டறையின் கணக்கைச் சொல்கிறேன்.

சிஎன்சி பிரிவில் 12 பேர். ஷிப்ட் 5.30க்கு முடியும், தாளில் எல்லாருக்கும் 8.30 வரை மூணு மணி நேரம், மாசத்தில் 20 நாள். எனக்கு முதலில் உறுத்தியது அந்த 3, 3, 3 என்ற வரிசைதான். உண்மையான ஓவர்டைம் ஒருவருக்கு ஒன்றரை, ஒருவருக்கு ரெண்டே முக்கால் என்று கோணல் மாணலாக இருக்கும்.

முதலாளியை மெஷினில் இருக்கும் பீஸ் கவுண்டரைப் படிக்கச் சொன்னேன். சாயங்காலம் 5.30க்கு ஒன்று, காலையில் மெஷின் ஓடும் முன் ஒன்று. யாரிடமும் சொல்லாமல் ரெண்டு வாரம். பீஸுக்கு ஆறு நிமிஷம் என்றால் மூணு மணி நேரத்தில் 30 வர வேண்டும். 19, 20தான் வந்தது. இன்சர்ட் மாற்றுவது, செட்டிங், கரண்ட் கட் எல்லாம் ஒருநாள் கணக்கைக் கெடுக்கும், அதனால்தான் ரெண்டு வாரம். எல்லா மெஷினிலும் தினமும் அதே குறை என்றால் காரணம் மெஷினில் இல்லை. வாட்ச்மேன் நோட்டிலும் ஆட்கள் வெளியேறிய நேரம் 7.30 சுமார்தான்.

ஆளுக்கு ஒரு மணி நேரம், 12 பேர், 20 நாள்: 240 மணி. நாள் கூலி 640 ரூபாய், மணிக்கு 80. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இருமடங்கு, 160. மாசம் 38,000 ரூபாய்க்கு மேல். ஆட்களுக்குக் கிடைத்த அதிகப்படியில் பாதி சூப்பர்வைசர் கைக்குத் திரும்பி வந்தது. ஆட்கள் வாய் திறக்காததற்கு அதுவே காரணம்.

நல்ல மனிதரா என்பது என் கேள்வி இல்லை. கவுண்டரும் வாட்ச்மேன் நோட்டும் அவர் கையில் இல்லாதவை; அவர் எழுதியதை அவற்றோடு ஒப்பிடுங்கள்.

எங்களுக்குக் கையில்தான் ரொக்கச் சம்பளம். என்ன செய்வது?

இந்த மாசம் முன்கூட்டிச் சொல்லாமல் நீங்களே உட்கார்ந்து, அடையாள அட்டை பார்த்துக் கொடுங்கள். வாங்க ஆள் வராத கவர்களை உங்கள் பீரோவில் வையுங்கள், ஆபீஸில் விடாதீர்கள்.

போலிப் பெயர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். சம்பளம் போடுபவரை உடனே அனுப்பிவிடவா?

முதலில் வருகைப் பதிவு, பேங்க் பட்டியல், ஓவர்டைம் சீட்டு மூன்றையும் நகல் எடுத்துப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோங்கள். பிறகு நெட்பேங்கிங் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதற்கப்புறம்தான் பேச்சு. இனி யார் கேட்டாலும் போனில் ஓடிபி சொல்லாதீர்கள்.