காலி உறை கேட்டால் கோலப்போட்டி வம்பில் முடியும்

கேள்வி: எங்கள் மாமனார் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் மாவு மில் வைத்திருக்கிறார். அரவையும் உண்டு, பச்சரிசி மாவு பாக்கெட் விற்பனையும் உண்டு. மார்கழி முடிவதற்குள் ஒரு கோலப்போட்டி வைக்க ஆசைப்படுகிறோம். விளம்பர ஆள் ஒருவர் வாசகம் எழுதிக் கொடுத்தார்: "எங்கள் மில் மாவு 2 பாக்கெட் வாங்குங்கள். காலி உறையோடு கோலப் படம் அனுப்புங்கள். அதிக லைக் வாங்கும் கோலத்துக்கு மிக்ஸி பரிசு. நிபந்தனைகளுக்கு உட்பட்டது." இதை அப்படியே வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடலாமா ஐயா?

பதில்: போடாதீர்கள் அம்மா. நான்கு வரி எழுதியிருக்கிறார், நான்கிலும் கோளாறு. எழுதிக் கொடுத்தவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மாமனார்.

முதலில் அந்த 2 பாக்கெட். பெரிய கம்பெனி பிஸ்கட், சோப்பு உறைகளில் பரிசு அறிவிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் 'தமிழ்நாடு நீங்கலாக' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் 1979-ல் வந்த தமிழ்நாடு பரிசுத் திட்டத் தடைச் சட்டம். பொருள் வாங்கியவர்களுக்குள் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதாக ஆசை காட்டி விற்பனை செய்யக் கூடாது என்பது அதன் சாரம். குலுக்கல் என்றால்தானே தப்பு, நாங்கள் திறமைக்குத்தானே கொடுக்கிறோம் என்று விளம்பர ஆள் வாதாடுவார். சட்டம் குலுக்கலோடு நிற்கவில்லை, 'வேறு எந்த முறையிலாவது' என்றும் சேர்த்திருக்கிறது. ஆகவே உறையைக் கேட்ட நிமிடமே உங்கள் கோலப்போட்டி அந்த வலைக்குள் வந்துவிடுகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன சட்டம் இது. பாக்கெட்டில் அரிசி மாவு விற்கிற ஒரு சின்ன மில்காரருக்குப் புரிகிற தமிழில் ஒரே பக்கமாக அச்சடித்துக் கொடுக்க இத்தனை காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புகார் என்று வந்த பிறகுதான் எல்லோரும் சட்டப் புத்தகத்தைத் தேடுவார்கள்.

உடனே அடுத்த யோசனை வரும் என்று எனக்குத் தெரியும்: 'பாக்கெட் வேண்டாம், நம் மில்லில் அரவைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் போட்டி என்று வைத்துக்கொள்ளலாமே?' அரிசி வாடிக்கையாளருடையது, நாம் வாங்குவது அரவைக் கூலி, இதில் பொருள் விற்பனை எங்கே இருக்கிறது என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1979 சட்டம் பொருள் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறது என்பதும் உண்மை. ஆனால் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருள், சேவை இரண்டும் ஒன்றுதான். வியாபாரத்தை நேராகவோ சுற்றி வளைத்தோ வளர்ப்பதற்காக நடத்துகிற போட்டிகளை அது முறையற்ற வணிகப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதுவும் போக, உங்கள் மில்லில் அரைத்துவிட்டுப் போகிறவர் கூடவே அரைக் கிலோ மாவு பாக்கெட்டும் வாங்கிப் போவார். ஒரே ரசீதில் கூலியும் மாவு விலையும் இருந்தால் இரண்டையும் எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்? இந்தச் சந்தில் புகுந்து வெளியே வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

வம்பு குறைந்த வழி ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், எந்தக் கடை மாவிலும் போடலாம், கட்டணம் கிடையாது என்று அறிவியுங்கள். கேட்டு வருகிறவர்களுக்கு ஆளுக்குக் கால் கிலோ மாவை மில் வாசலில் இலவசமாகக் கொடுங்கள். உங்கள் மாவு பேர் வாங்கினால் அதன் வெண்மையால் வாங்கட்டும். போட்டிக்கும் கல்லாவுக்கும் நடுவே முடிச்சு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது லைக். ஆயிரம் லைக் இவ்வளவு ரூபாய் என்று விற்கவே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வாசகம் எழுதியவரே நாளை ஒரு போட்டியாளரிடம் போய் அதை விற்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். விடியற்காலையில் எழுந்து இடுப்பொடியக் கோலம் போட்டவர் தோற்று, வெளிநாட்டில் நாலு சொந்தக்காரர் இருப்பவர் ஜெயித்தால் ஊரில் உங்கள் பெயர்தான் கெடும். 'உங்கள் பக்கத்தில் பகிர்ந்தால்தான் போட்டியில் சேர்ப்போம்' என்று போடுவதை ஃபேஸ்புக்கே தன் விதிகளில் தடுத்திருக்கிறது. நடுவர் மூன்று பேரை வையுங்கள். மில் குடும்பத்தில் யாரும் வேண்டாம். ஒருவராவது வெளியூர்க்காரராக, ராமநாதபுரத்திலிருந்தோ பரமக்குடியிலிருந்தோ வருகிற ஓவிய ஆசிரியையாக இருந்தால் நல்லது.

நடுவருக்கு அளவுகோல் வேண்டும். 'அழகான கோலம்' என்று விட்டால் சண்டை நிச்சயம். ஒரே புள்ளிக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். 15 புள்ளி, ஊடு புள்ளி, 8 வரை, சிக்குக் கோலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் முடியும். மொத்தம் 169 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம் விட்டால் இரண்டரை அடி அகலத்துக்குள் அடங்கிவிடும், எந்த வீட்டு வாசலும் கொள்ளும். இதைப் படத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா, புள்ளியைத் தொட்டிருக்கிறதா, சுற்றப்படாத புள்ளி மிச்சம் இருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வண்ண ரங்கோலியையும் இதே பரிசுக்குள் போட்டுக் குழப்பாதீர்கள்.

உங்கள் கடற்கரைக்கென்று ஒரு விதி கட்டாயம் வேண்டும். மார்கழியில் வாடைக்காற்று விடியும்போதே கிளம்பிவிடும். மில்லில் நைசாக அரைத்த அரிசி மாவு உலர்ந்த நிலையில் பறக்கும்; கனமான கல்மாவு அவ்வளவாகப் பறக்காது. அரிசி மாவு மட்டும்தான் என்று விதி வைத்தால் கடலோரத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் அறுந்த கம்பியோடு தோற்பார்கள். ஆகவே மாக்கோலத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து வழுவழுவென்று அரைத்து, நீர்க்கக் கரைத்து, துணியில் தோய்த்து இழுக்கிற கோலம் காற்றுக்கு அசையாது. ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். படம் அனுப்பும் நேரத்தில் அதற்காகவே ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுங்கள். (சித்திரைக்கார் அரிசி வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அரைத்துவிட வேண்டாம், அது சிவப்பு.)

படம் என்றாலே போன வருஷத்துப் படம், வலையில் எடுத்த படம், அக்கா வீட்டுப் படம் எல்லாம் வரும். இதற்குச் செலவில்லாத வழி உண்டு. போட்டி நாளன்று காலை ஐந்தரைக்கு ஒரு சொல்லை அறிவியுங்கள். 'முத்து' என்றோ 'சங்கு' என்றோ எதுவானாலும் சரி. கோலத்தின் ஓரத்தில் அந்தச் சொல்லை மாவாலேயே எழுதிப் படம் எடுக்க வேண்டும். முதல் நாளே யாருக்கும் தெரியாத சொல்லாக இருக்கட்டும், உங்கள் வீட்டு ஆட்களுக்கும்தான்.

இப்போது வாசகம். இப்படிப் போட்டால் போதும்:

"மார்கழிக் கோலப்போட்டி. நடத்துவது: (மில் பெயர், ஊர்). 18 வயது நிறைந்த, ராமநாதபுரம் மாவட்டத்தில் குடியிருக்கும் யாரும் கலந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. எதையும் வாங்கத் தேவையில்லை. மில் குடும்பத்தாரும் பணியாளர்களும் கலந்துகொள்ள முடியாது. கோலம்: 15 புள்ளி, ஊடு புள்ளி, 8 வரை, சிக்குக் கோலம். உலர்ந்த மாவோ மாக்கோலமோ, எந்தக் கடை மாவும் சரி. அச்சு கூடாது. நாள்: ஜனவரி 11, ஞாயிறு. அன்று காலை 5.30-க்கு அறிவிக்கும் சொல்லைக் கோலத்தின் ஓரத்தில் மாவால் எழுதவும். மேலிருந்து முழுக் கோலமும் தெரிய ஒரு படம் எடுத்து, பெயர், ஊர் இரண்டையும் சேர்த்துக் காலை 9 மணிக்குள் (மில் எண்) வாட்ஸ்அப்புக்கு அனுப்பவும். ஒருவருக்கு ஒரு கோலம். மதிப்பெண்: கம்பி அறாமல் முழுமையாக இருப்பதற்கு 50, சீரான இடைவெளிக்கு 30, துப்புரவுக்கு 20. சமமானால் கம்பிக்கான மதிப்பெண் அதிகம் பெற்றவருக்குப் பரிசு. முதல் பரிசு 750 வாட் மிக்ஸி, இரண்டாம் பரிசு 5 லிட்டர் குக்கர், மூன்றாம் பரிசு பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. முடிவு: ஜனவரி 12 மாலை 6 மணிக்கு இதே இடத்தில். பரிசு வாங்க எந்தப் பணமும் கட்ட வேண்டாம். மில்லில் நேரில் தரப்படும்."

'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பதை எடுத்துவிட்டேன், கவனித்தீர்களா? நிபந்தனை எதுவென்று சொல்லாமல் அந்த வரியை மட்டும் போடுவது பின்னால் எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற தந்திரம். 'ரூ.25,000 மதிப்புள்ள பரிசுகள்' என்றும் போட வேண்டாம். பொருளின் பெயரையும் அளவையும் சொன்னால் போதும். பரிசை விளம்பர ஆள் மூலம் வாங்காதீர்கள். கடைக்கு நீங்களே போய், மில் பெயரில் ரசீது போட்டு வாங்குங்கள்.

முடிவை 'இதே இடத்தில்' வெளியிடுவது முக்கியம். பரிசு அறிவித்துவிட்டு முடிவைச் சொல்லாமல் விடுவதே முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது. எந்தப் பத்திரிகையில் அறிவித்தாயோ அதே பத்திரிகையில் எடுப்பாகப் போடு என்று விளக்கமும் தருகிறது. உங்களுக்குப் பத்திரிகைக்குப் பதில் வாட்ஸ்அப் குழுவும் ஃபேஸ்புக் பக்கமும். இரண்டிலும் போடுங்கள், மில் கதவிலும் ஒட்டுங்கள்.

கடைசியாக, பதிவுக்கு வரும் கைபேசி எண்கள். விளம்பர ஆள் 'என் எண்ணைப் போடுங்கள், நான் தொகுத்துத் தருகிறேன்' என்பார். ஒப்புக்கொள்ள வேண்டாம். ஊர்ப் பெண்கள் நூறு பேரின் பெயரும் எண்ணும் அவர் கைக்குப் போனால், அடுத்த வாரமே 'கோலப்போட்டியில் ஜெயித்திருக்கிறீர்கள், கூரியர் கட்டணம் அனுப்புங்கள்' என்று அவர்களுக்கு அழைப்பு வரலாம். கமெண்டில் எண்ணை எழுதச் சொன்னாலும் இதே கதிதான். ஆதார் எண், வங்கிக் கணக்கு எதையும் கேட்காதீர்கள். பரிசு கொடுத்து முடித்ததும் எண்களை அழித்துவிடுங்கள். அப்படி யாராவது பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள். விளம்பர ஆளுக்கு ஏதாவது வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அறிவிப்புக்கு ஒரு படம் வரைந்து தரச் சொல்லுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே படித்துப் பார்த்த பிறகு கூலி கொடுங்கள்.