2016-ஐ ஏன் மறைத்தீர்கள்?

*ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் 2011-லிருந்து வேலை பார்க்கிறேன். டிப்ளமா டிரெய்னியாகச் சேர்ந்து இப்போது உதவி மேலாளர். முதல்முறையாக வெளியே வேலை தேடுகிறேன். எல்லாப் பதவிகளையும் எழுதினால் ஐந்தாறு கம்பெனி மாறியவள் மாதிரித் தெரிகிறது. ஒரு கன்சல்டன்சிப் பெண் போனில், "ஏன் மேடம் இத்தனை ஜம்ப்?" என்றே கேட்டுவிட்டார். அதனால் தம்பி உட்கார்ந்து சுருக்கிக் கொடுத்தான். நடுவில் 2016-ல் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது, ஷிப்ட் வேண்டாம் என்று கேட்டு, லைன் குவாலிட்டியிலிருந்து சப்ளையர் குவாலிட்டிக்கு மாறினேன். பதவியும் சம்பளமும் அப்படியேதான் இருந்தன. அது பிரமோஷன் இல்லையே என்று அதை எடுத்துவிட்டு, லைன் குவாலிட்டியை 2019 வரை நீட்டிவிட்டோம். என் பதவி உயர்வுகளை எப்படிக் காட்டினால் ஒரே கம்பெனி என்று புரியும்? பழைய ரெஸ்யூமே, புது ரெஸ்யூமே இரண்டையும் இணைத்திருக்கிறேன்.*
*– வாசகி, ஓசூர்*

இரண்டையும் படித்தேன் அம்மா. பழையதில் அமைப்புதான் தப்பு, புதியதில் பொய் இருக்கிறது. அமைப்பை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். அதனால் முதலில் பொய்யைப் பேசுவோம்.

தம்பி திருத்தியதை எதிரே உட்கார்ந்து நேர்காணல் செய்பவர் கண்ணால் படித்துப் பாருங்கள். 2015 ஏப்ரலிலிருந்து 2019 மார்ச் வரை லைன் குவாலிட்டி இன்ஜினியர். மறுநாளே சப்ளையர் குவாலிட்டியில் சீனியர் இன்ஜினியர். ஒரு நாள்கூட அந்தப் பிரிவில் வேலை பார்க்காதவரை எந்தக் கம்பெனி சீனியராக்கி அங்கே உட்கார வைக்கும்? "சப்ளையர் தன் பாகத்துக்கு ஒப்புதல் கேட்டுத் தரும் பிபிஏபி ஆவணங்களை முதன்முதலில் எப்போது கையாண்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நீங்கள் உண்மையைச் சொன்னால் தாள் பொய்யாகிவிடும். தாளைக் காப்பாற்றப் பார்த்தால் நீங்களே பொய் சொல்ல வேண்டும்.

எடுத்துவிட்ட அந்த வரியில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியவில்லை. பழைய ரெஸ்யூமேயில், 2016 நவம்பருக்குக் கீழே, "ஐஏடிஎஃப் மாற்றத்துக்காக 40 சப்ளையர்களின் ஆவணங்களைச் சரிபார்த்தது" என்று எழுதியிருந்தீர்கள். வாகனத் துறைக்கான புதிய தர நிர்ணயமான ஐஏடிஎஃப் 16949 2016 அக்டோபரில்தான் வெளியானது. பழைய டிஎஸ் 16949 சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 2018 செப்டம்பர் 14-க்குள் புதியதற்கு மாறியாக வேண்டும் என்று கெடு இருந்தது. வாகன உதிரிபாகத் துறையில் குவாலிட்டியில் இருந்த யாருக்கும் அந்த இரண்டு வருடம் மறக்காது. அந்த நேரத்தில் சரியாகச் சப்ளையர் மேசையில் இருந்தவர் நீங்கள். 2019-ல் உங்களைச் சீனியர் ஆக்கியதற்கும், 2022-ல் உதவி மேலாளர் ஆக்கியதற்கும் அந்த மேசைதான் காரணம். அதைப் பிடுங்கிவிட்டு மேலே உள்ள இரண்டு பதவிகளை மட்டும் அழகாகக் காட்டு என்றால், அவை எதன் மேல் நிற்கும்?

நீங்கள் அதை ஏன் எடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். குடும்பத்துக்காக எடுத்த முடிவு என்றால் அது வேலையில் ஒரு சறுக்கல் என்று உங்கள் மனதில் பதிந்திருக்கிறது. இதே மாதிரிக் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன, எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்வது கடமை என்று நம்புகிறவள் நான். அந்தக் கடமை முதலில் பெற்ற மகனுடையது என்றும் நம்புகிறேன். உங்கள் கணவர் அந்த வருடம் எதை மாற்றிக்கொண்டார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அது போகட்டும். நீங்கள் செய்தீர்கள், நன்றாகச் செய்தீர்கள், வேலையையும் விடவில்லை. செய்த கடமையைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, இப்போது தாளுக்கு வருவோம்.

அந்தக் கன்சல்டன்சிப் பெண் குழம்பியதில் நியாயம் இருக்கிறது. பழைய ரெஸ்யூமேயில் கம்பெனி பெயர் ஆறு முறை, தடித்த எழுத்தில், ஒவ்வொரு பதவிக்கும் மேலே வருகிறது. ஓர் இடத்தில் "பிரைவேட் லிமிடெட்", இன்னோர் இடத்தில் "பி. லிட்.", மூன்றாவது இடத்தில் "யூனிட் 2". ஒரு ரெஸ்யூமேயை ஓரிரு நிமிடம்கூடப் பார்க்காதவர்களுக்கு ஆறு தடித்த தலைப்பு என்றால் ஆறு வேலைதான்.

கம்பெனி பெயரை ஒரே முறை எழுதுங்கள். அதே வரியின் வலது ஓரத்தில் மொத்தக் காலம், அதாவது "ஜூலை 2011 – இன்றுவரை" என்று வரட்டும். படிப்பவர் கண் முதலில் விழ வேண்டிய இடம் அது. பதவிகள் அதற்குக் கீழே, சற்று உள்ளே தள்ளி, சின்ன எழுத்தில், புதியது மேலே வரும்படி இருக்கட்டும்.

எந்தப் பதவிக்குத் தனி இடம், எதைச் சேர்த்து எழுதலாம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். வேலை மாறியதா, பெயர் மட்டும் மாறியதா? பெயர் மட்டும் மாறியிருந்தால் பதவிகளை அடுத்தடுத்த வரிகளில் தேதியோடு அடுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகுப்பாகச் செய்த வேலையை எழுதலாம். வேலையே மாறியிருந்தால் தனித் தொகுப்பு வேண்டும். கிரேடு மட்டும் ஏறி, பெயரும் வேலையும் மாறாத வருடங்களுக்கு ஒரு வரிகூடத் தேவையில்லை.

அப்படிப் பார்த்தால் உங்கள் ஆறு பதவிகள் மூன்று தொகுப்பாகின்றன:

உதவி மேலாளர், சப்ளையர் குவாலிட்டி – ஏப்ரல் 2022 முதல் இன்றுவரை

சீனியர் இன்ஜினியர், சப்ளையர் குவாலிட்டி – ஏப்ரல் 2019 முதல் மார்ச் 2022
இன்ஜினியர், சப்ளையர் குவாலிட்டி – நவம்பர் 2016 முதல் மார்ச் 2019

இன்ஜினியர், லைன் குவாலிட்டி – ஏப்ரல் 2015 முதல் அக்டோபர் 2016
ஜூனியர் இன்ஜினியர், லைன் குவாலிட்டி – ஜூலை 2012 முதல் மார்ச் 2015
டிப்ளமா டிரெய்னி – ஜூலை 2011 முதல் ஜூன் 2012

மேலே உள்ள தொகுப்புக்கு நான்கைந்து வரி கொடுங்கள். இப்போது உங்களுக்குக் கீழே எத்தனை பேர், எத்தனை சப்ளையர்கள், எந்தப் புகார் திரும்ப வராமல் நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் இங்கே வர வேண்டும். நடுத் தொகுப்புக்கு மூன்று வரி. அதில் முதல் வரியே அந்த 40 சப்ளையர்களின் ஐஏடிஎஃப் ஆவண வேலையாக இருக்கட்டும், சீனியர் பதவி அதைத் தொடர்ந்து வந்தது என்பது படிக்கும்போதே புரிந்துவிடும். கடைசித் தொகுப்புக்கு இரண்டு வரி போதும். டிரெய்னி காலத்தில் வெர்னியர் பிடித்த கதையை உதவி மேலாளர் ரெஸ்யூமேயில் யாரும் தேடப்போவதில்லை.

தேதிகளில் கவனம் வேண்டும். பிரமோஷன் கடிதங்கள் பெரும்பாலும் ஜூனிலோ ஜூலையிலோ கைக்கு வரும், உள்ளே "ஏப்ரல் 1 முதல்" என்று போட்டிருப்பார்கள். கடிதம் வந்த தேதியை எழுதாதீர்கள், நடைமுறைக்கு வந்த தேதியை எழுதுங்கள். ஒரு பதவி முடியும் மாதத்துக்கு அடுத்த மாதம் அடுத்த பதவி தொடங்க வேண்டும். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால்கூட, வெளியே போய் மறுபடி சேர்ந்தது போலத் தோன்றும்.

வேலை உறுதியானதும் புதிய கம்பெனி பின்னணிச் சரிபார்ப்புக்கு ஆள் வைக்கலாம். அவர்கள் உங்கள் எச்ஆரிடம் சேர்ந்த தேதி, கடைசிப் பதவி, சில சமயம் பிரிவு, மேலதிகாரி பெயர் வரை கேட்பார்கள். 2017-ல் உங்கள் மேலதிகாரி சப்ளையர் குவாலிட்டி மேலாளர் என்று அங்கிருந்து பதில் வந்து, உங்கள் தாளில் லைன் குவாலிட்டி என்று இருந்தால், கையில் வந்த ஆஃபரே நின்றுபோகலாம். தம்பி அன்பில்தான் செய்தான். ஆனால் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

ஒரே கம்பெனி என்பதற்கு உங்களிடமே நல்ல ஆதாரம் இருக்கிறது. பிஎஃப் தளத்தில் உங்கள் யூஏஎன் எண்ணோடு உள்ளே போய், View மெனுவில் Service History-யைப் பாருங்கள். எத்தனை பிரமோஷன் வாங்கியிருந்தாலும் ஒரே நிறுவனம் என்றால் அங்கே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். இரண்டு வரி வந்தால், நடுவில் உங்களைக் குழுமத்தின் வேறொரு கம்பெனியின் சம்பளப் பட்டியலுக்கு மாற்றியிருக்கலாம். அந்த "யூனிட் 2" எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, அதைப் பார்க்காமல் ரெஸ்யூமேயை யாருக்கும் அனுப்பாதீர்கள். அப்படி மாற்றியிருந்தால், கம்பெனி பெயருக்குக் கீழே "இதே குழுமத்தின் நிறுவனத்துக்கு இன்ன மாதம் மாற்றப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வேலைவாய்ப்புத் தளங்களில் ரெஸ்யூமேயை ஏற்றினால் மட்டும் போதாது, படிவத்தையும் நிரப்பச் சொல்வார்கள். பல படிவங்களில் ஒவ்வொரு பதவிக்கும் கம்பெனி பெயரை மறுபடி எழுதியே தீர வேண்டும். அங்கே வேறு வழியில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதுங்கள். லிங்க்ட்இன்னில் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே விடாமல், கீழே விரியும் பட்டியலிலிருந்து உங்கள் கம்பெனியின் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். எல்லாப் பதவிக்கும் அதே பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் அவை ஒரே பெயரின் கீழ் வரிசையாகச் சேர்ந்துவிடும், மொத்த ஆண்டுகளையும் அதுவே காட்டும்.

மாமனாரின் நோய் ரெஸ்யூமேயில் எங்கேயும் வரக்கூடாது. அது உங்கள் வீட்டு விஷயம். பதவி உயர்வில்லாத அந்த மாற்றத்துக்குப் பக்கத்தில் "பக்கவாட்டு மாற்றம்" என்றோ "சொந்தக் காரணம்" என்றோ எழுத வேண்டாம், பதவியும் பிரிவும் தேதியும் போதும். நேர்காணலில் ஏன் மாறினீர்கள் என்று கேட்டால், "வீட்டில் மாமனார் படுக்கையில் இருந்தார், ஜெனரல் ஷிப்ட் தேவைப்பட்டது, நானே கேட்டு சப்ளையர் குவாலிட்டிக்குப் போனேன்" என்று சொல்லிவிட்டு, உடனே அங்கே செய்த வேலைக்குப் போய்விடுங்கள். குரலைத் தாழ்த்தாதீர்கள், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம்.

அந்த 2016 மாற்றத்துக்குக் கடிதம் கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாய்மொழியாகவே மாற்றிவிட்டு, பல கம்பெனிகள் கடிதம் கொடுப்பதில்லை. இல்லையென்றால் 2016 டிசம்பர் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், பிரிவின் பெயர் அதில் அச்சாகியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், வேலையை விடும்போது தரும் சர்வீஸ் சான்றிதழில் பதவிகளையும் பிரிவுகளையும் தேதிவாரியாகப் போட்டுத் தரச் சொல்லி எச்ஆரிடம் கேளுங்கள். ராஜினாமா கொடுத்த வாரமே எழுத்தில் கேட்டுவிடுங்கள், கடைசி நாளுக்குப் பிறகு அலைய விடுவார்கள்.