கசூரினாப் படத்தைப் பார்த்த பிறகு

கேள்வி: எங்கட வட்ஸ்அப் குறூப்பில நான் எதைப் போட்டாலும் ஒருத்தரும் கண்டுகொள்ளுறேல்ல. போன ஞாயிறு எல்லாரும் கசூரினா பீச்சுக்குப் போய் வந்ததும் படத்தைப் பார்த்துத்தான் தெரியும். பேசாமல் விலகிடட்டா?

பதில்: இன்றைக்கு விலக வேண்டாம். உங்கள் நோவு உண்மையானது; ஆனால் அவர்கள் வேண்டுமென்று ஒதுக்கினார்களா என்பதை அந்த நோவை வைத்துச் சொல்ல முடியாது. கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையில் வேறு இருவரோடு எறிந்து பிடித்து விளையாடுவதாக ஒருவர் நினைத்திருப்பார்; அந்த இருவரையும் உண்மையில் கணினிதான் இயக்கியது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு மட்டும் எதுவும் எறியப்படாது. முகம் தெரியாதவர்கள், வெறும் விளையாட்டு, இருந்தும் அவருக்கு மனம் உடைந்தது. 2004இல் வந்த இன்னோர் ஆய்வில், எதிரில் ஆடுவது கணினிதான் என்று முன்பே சொல்லியும் அதே நோவு வந்தது.

அதனால் முதலில் அந்தப் பயணம் எங்கே முடிவானது என்று பாருங்கள். குறூப்பில் மேலே தள்ளிப் போய், படத்துக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களை வாசியுங்கள். கசூரினாப் பேச்சே இல்லையென்றால் கதை வேறெங்கோ நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பெடியன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. அவனுடைய கூட்டாளிகள் பின்னேரம் பட்மின்டன் ஆடி, பிறகு தேத்தண்ணிக் கடையில் நின்று கதைப்பார்கள். வேலை நேரம் மாறியதால் அவன் ஆடப் போவதை விட்டிருந்தான். பயணம் அந்தக் கடையில் முடிவானது; அங்கே நின்றவர்கள் இருந்த மோட்டார் சைக்கிள்களில் ஏறிப் போனார்கள். குறூப்புக்கு வந்தது படம் மட்டும்தான்.

அவன் குறூப்பில் எதுவும் எழுதவில்லை. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பொதுவாகக் கேட்டால், மற்றவன் பதில் போடுவான் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். தன்னோடு கூடப் பழகிய ஒருவனுக்குக் கோல் எடுத்து, “மச்சான், படம் பார்த்தன், எனக்கும் வர ஆசையாத்தான் இருந்தது. அடுத்த முறை வெளிக்கிடேக்க ஒரு கோல் அடி. ஞாயிறு எனக்கு வேலையில்லை” என்றான். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்காததால் மற்றவனுக்குச் சாட்டுச் சொல்லத் தேவை வரவில்லை. எந்த நாள் வர முடியும் என்பதும் தெரிந்துவிட்டது. பிறகு அந்தக் கூட்டாளியும் இன்னொருவனும் அவனைக் கூப்பிடத் தொடங்கினார்கள். மற்றவர்கள் முன்போலவே இருந்தார்கள்.

பேசாமல் விலகுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2022இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, வட்ஸ்அப் குறூப்பை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும். மற்றவர்கள் கவனிக்காமலே விடலாம். கவனித்தாலும் உங்களுக்கு வேலை கூடிவிட்டது என்றே நினைக்கக்கூடும். நீங்களோ அவர்கள் தேடி வருவார்கள் என்று காத்திருப்பீர்கள். அந்தக் காத்திருப்புத்தான் கூடுதலாக வருத்தும்.

படங்கள் வரும்போது நெஞ்சு அடைத்தால் குறூப்பை எப்போதும் என்று மியூட் செய்து ஆர்கைவில் போட்டுவிட்டு, ஆட்களோடு தனித்தனியாகக் கதையுங்கள். இரண்டு மூன்று பேரிடம் நாளும் இடமும் சொல்லி நேரே கேட்டும் ஒவ்வொருவரும் தட்டிக்கழித்தால், அப்போது ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு விலகினால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். கோல் எடுத்தால் கதைக்கிற ஒருவர் இருந்தால் அவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.