ஸ்கேனில் சவ்வுத் தடிப்பு, கையில் நிராகரிப்புக் கடிதம்

கேள்வி: என் மனைவிக்கு நான்கு மாதமாக வலது கன்னத்தில் வலி, மூக்கில் மஞ்சள் சளி. சி.டி. ஸ்கேனில் ‘சைனஸ் சவ்வு தடித்துள்ளது, வலது கன்ன சைனஸில் நீர்மட்டம்’ என்று வந்தது. மருந்தில் தீரவில்லை, அறுவைசிகிச்சை செய்தோம். செலவு 1,18,000 ரூபாய். பாலிசி எடுத்து 29 மாதம் ஆகிறது. சவ்வுத் தடிப்பு நாள்பட்ட நோயின் அடையாளம், எனவே இது முன்பே இருந்த நோய் என்று நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அவள் எத்தனை வருடம் தலைவலியால் துடித்தாள் என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. முகவர் போனையே எடுப்பதில்லை. வழக்குப் போட்டால் ஜெயிக்குமா?

பதில்: முகவரை மறந்துவிடுங்கள், அவரால் உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் எந்த மருத்துவராவது இந்த நோயைக் கண்டறிந்தாரா, இதற்குச் சிகிச்சையோ ஆலோசனையோ தந்தாரா? கேள்வி அது ஒன்றுதான். பழைய பாலிசிகளில் 48 என்று இருக்கும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் சைனஸ் அறுவைக்கென்று தனியாக உள்ள 24 மாதக் காத்திருப்பை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

நிறுவனம் பிடித்திருக்கும் நூல் மிக மெல்லியது. சவ்வு தடித்திருப்பதை வைத்து நோயின் வயதைச் சொல்ல முடியாது. சாதாரண ஜலதோஷத்திலேயே சவ்வு தடிக்கும். ஒரு தொந்தரவும் இல்லாதவரின் தலையை வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தாலும் அது தெரிவதுண்டு. நீர்மட்டம் என்பது சைனஸுக்குள் தேங்கிய சளியும் அதன் மேல் நிற்கும் காற்றும் நேர்கோடாகப் பிரிந்து தெரிவது. அது பெரும்பாலும் அண்மைக்காலத் தொற்றைக் காட்டும். வலியும் நீர்மட்டமும் ஒரே வலப்பக்கம் இருப்பதும், கூடவே மஞ்சள் சளி சேர்ந்திருப்பதும் உங்களுக்குச் சாதகம்.

‘நாள்பட்ட’ என்ற சொல்லைக் கண்டு நீங்களும் பயந்துவிட்டீர்கள். சைனஸ் அழற்சியில் 12 வாரத்தைத் தாண்டினாலே மருத்துவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். நான்கு மாத நோயும் நாள்பட்ட நோய்தான். அது பாலிசிக்குப் பிந்தைய நோயாகவும் இருக்க முடியும்.

இதுவரை உங்கள் கட்சி பலமாக இருந்தது. அதைக் கெடுத்தது அந்த நான்கு பக்கம். நிறுவனத்திடம் இல்லாத சாட்சியத்தை நீங்களே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இரக்கம் வரும் என்று நினைத்து எழுதுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதில் ‘வருடமாக’ என்ற ஒரு சொல்லை மட்டும் அடிக்கோடிடுவார்.

அந்தத் தலைவலி சைனஸ் வலிதானா என்பதே சந்தேகம். மூக்கடைப்போ சளியோ இல்லாமல் தலை மட்டும் வலித்திருந்தால், அது ஒற்றைத் தலைவலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அறுவை செய்த மருத்துவரிடம், இந்தச் சைனஸ் நோய் எப்போது தொடங்கியது, எதை வைத்து அப்படிச் சொல்கிறார், பழைய தலைவலிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எழுதி வாங்குங்கள். ஆனால் இதிலும் ஒரு குழி உண்டு. அந்தத் தலைவலிக்கு மருத்துவரிடம் போய் மாத்திரை சாப்பிட்டிருந்தால், ‘முன்மொழிவுப் படிவத்தில் ஏன் சொல்லவில்லை?’ என்று நிறுவனம் தாவும். அப்போது கிளைமோடு பாலிசியும் ஆபத்தில். படிவத்தின் நகலை முதலில் எடுத்துப் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நோய் வரலாறு’ என்ற வரியையும் பாருங்கள். சேர்க்கையன்று பணி மருத்துவர் கேட்க, பதற்றத்தில் யாரோ ‘அஞ்சு வருஷமா’ என்று சொல்ல, அது அப்படியே ஏறியிருக்கும். அதைத் திருத்தித் தரச் சொல்லி மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர், 5 வருடத்தை 5 மாதமாக மாற்றி வாங்கி வந்தார். காகிதத்தில் மை வேறு நிறம். நிறுவனம் முன்பே வாங்கிய நகலில் பழைய வரி அப்படியே இருந்தது. நல்ல கிளைம் ஒரே நாளில் மோசடிக் குற்றச்சாட்டானது. வரலாறு தவறென்றால் மருத்துவர் தேதியிட்டுத் தனிச் சான்று தரட்டும், பழைய தாளில் கை வைக்க வேண்டாம்.

பாலிசிக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்த சீட்டு ஒன்றுகூட இல்லையென்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். நிராகரிப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அவர் உங்கள் புகாரை ஏற்கமாட்டார் என்பதால் வழக்கை அவசரப்பட்டு முதலில் போடாதீர்கள். இந்த முறை மனு ஒரு பக்கம் போதும்; தலைவலிக் கதை அதில் வேண்டாம். நேரடியாகக் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

அப்படி ஒரு சீட்டு வீட்டில் இருந்தால், 36 மாதத்துக்குள் வரும் சீட்டாக இருந்தால், நான் வழக்கு எடுக்கமாட்டேன். குறைதீர்ப்பாளர் முன் சமரசப் பேச்சு வரும்போது 60,000 என்றாலும் வாங்கிக்கொண்டு, பாலிசியை விடாமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.