பழைய நகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரைத் திருத்துவது எப்படி?

கேள்வி: என் மகன் 2001-இல் பிறந்தான். நகராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது. இத்தனை வருடம் கழித்துத் திருத்த முடியுமா? கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?

முடியும். 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. அதில் கால வரம்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் கோர்ட்டும் தேவைப்படாது.

முதல் வேலையாக, தவறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கையில் இருப்பது பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த படிதான். 2001-இல் பெரும்பாலும் கையால் எழுதியிருப்பார்கள். பின்னாளில் கணினியில் ஏற்றும்போது எழுத்து மாறியிருக்கலாம். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவுக்குப் போய், பதிவு எண்ணையும் பதிவு நாளையும் சொல்லி, மூலப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர் கடைசியில் பிறந்த குழந்தை என்றால் பதிவு அடுத்த வருடப் பதிவேட்டில் இருக்கலாம், அதையும் சொல்லித் தேட வையுங்கள். பதிவேட்டில் பெயர் சரியாக இருந்தால் கணினியில் ஏறியதை மட்டும் திருத்தினால் போதும்.

பதிவேட்டிலேயே தவறு என்றால், அது எந்த வகைத் தவறு என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். இனிஷியல் விடுபட்டது, 'சண்முகம்' 'சன்முகம்' ஆனது போன்றவை எழுத்துப் பிழை. பதிவாளர் விசாரித்துத் தானே திருத்தலாம். பெயரே வேறாக இருந்தால், பிழையின் தன்மையையும் உண்மையையும் விவரிக்கும் ஓர் உறுதிமொழியை நீங்கள் கொடுக்க வேண்டும். அதை விவரம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர் தந்திருக்க வேண்டும்.

என் அக்கா மகனுக்கு இரண்டாவது வகைதான். பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பாட்டி வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார். பதிவேட்டில் 'மணி' என்று ஏறிவிட்டது. அத்தானின் பெயர் பள்ளிச் சான்றிதழில் சுப்பிரமணியன். முதலில் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் கொடுத்தார்கள், சுகாதார ஆய்வாளர் ஏற்கவில்லை. அவர் கேட்டது நியாயம்தான்: இன்றைக்கு இவர் பெயர் சுப்பிரமணியன் என்பதை அவை காட்டும்; அன்றைக்குக் குழந்தையின் அப்பா இவர்தான் என்பதை எப்படிக் காட்டும்? அதனால் பிறப்புக்கு முந்தைய, அல்லது அதே காலத்துக் காகிதங்களைத் தேடினோம். அத்தானின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, அக்கா பெயரும் அதே முகவரியும் இருந்த பழைய ரேஷன் கார்டு கிடைத்தன. பிறப்புப் பதிவில் இருந்த தாய் பெயரும் முகவரியும் இவற்றோடு பொருந்தின. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதே தெருவில் அப்போதிருந்து வசிக்கும் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். திருத்தம் கிடைத்தது.

மனுவை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'அப்பா பெயர் மாற்றம்' என்று எழுத வேண்டாம், 'பதிவில் உள்ள பிழையைத் திருத்த' என்றே கேளுங்கள். 15-ஆம் பிரிவு, தவறாக ஏறிய பதிவைச் சரிசெய்வதற்கானது. குழந்தை பிறந்த பிறகு அப்பா அரசிதழில் விளம்பரம் கொடுத்துப் புதுப் பெயர் வைத்துக்கொண்டிருந்தால், அன்றைய பதிவு தவறே இல்லை. அதைக் காட்டிப் பிழைத் திருத்தம் கேட்பது கடினம். அதேபோல், பதிவில் இருப்பவர் வேறொரு ஆள், உண்மையான தந்தை இன்னொருவர் என்றால் அது எழுத்துத் திருத்தத்தில் அடங்காது. அங்கே கோர்ட் தேவைப்படலாம், வக்கீலைப் பாருங்கள்.

திருத்தம் ஆனதும் பழைய பெயரை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் சரியான பெயரை எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போடுவார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிறகு புதிய சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழையதைக் காட்டி எடுத்த பாஸ்போர்ட் இருந்தால் அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

மகன் இப்போது மேஜர், அவரே மனு கொடுக்கலாம். மனு கொடுத்தால் தேதி போட்ட ஒப்புகை கட்டாயம் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2023 திருத்தத்தில் சேர்ந்த 25அ பிரிவின்படி, பதிவாளர் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.