எங்கள் அபார்ட்மென்ட்டில் மொட்டைமாடித் தொட்டியின் வால்வு மாற்றப் போகிறோம். அதே வாரம் ஈ.பி. பராமரிப்பு மின்தடையும் வருகிறது. குடியிருப்பவர்களுக்கு நோட்டீஸ் எப்படி எழுதுவது?

இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் கமிட்டியில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். ஒரே நாள் கஷ்டத்தோடு போகட்டுமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். நோட்டீஸ் எழுதுவதற்கு முன் தேதியைப் பிரித்து வையுங்கள்.

சென்னைப் புறநகரில் நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த கட்டடத்தில் இரண்டையும் ஒரே நாளில்தான் வைத்தார்கள். கார் நிறுத்தும் தளத்துக்கு மேல் நான்கு மாடி, இருபத்து நான்கு வீடுகள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு சென்னையில் பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை இருக்கும். அந்த நேரத்துக்குள் வால்வையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, 'பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 முதல் 2 வரை மின்சாரமும், ஏ பிளாக் சமையலறைக் குழாய்களில் தண்ணீரும் இருக்காது' என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். அவ்வளவுதான் நோட்டீஸ்.

அன்று காலை பிளம்பர் மேலே போய்ப் பார்த்தால், அந்த வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் வேறு வால்வே இல்லை. தொட்டியைக் காலி செய்யாமல் அதைக் கழற்ற முடியாது. தொட்டி காலியானால் ஏ பிளாக் சமையலறை மட்டுமா வறண்டு போகும்? எல்லா வீட்டிலும் எல்லாக் குழாயும் நின்றுவிட்டது. சம்ப்பில் தண்ணீர் நிறைய இருந்தது, ஆனால் மேலே ஏற்ற கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் லிஃப்ட்டும் படிக்கட்டு விளக்கும்தான் இணைத்திருந்தார்கள், மோட்டார் இல்லை. 'லாரி சொல்லியிருக்கிறோம்' என்று சமாதானம் சொன்னார்கள். லாரி வந்தாலும் சம்ப்பில்தானே ஊற்றும்? பக்கவாதம் வந்து படுத்திருந்த என் மாமியாருக்குத் துடைத்துவிடக்கூட நான் கேன் தண்ணீரை உடைக்க வேண்டியிருந்தது. எங்கள் குழாயில் தண்ணீர் வந்தபோது இருட்டிவிட்டது.

அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். இப்போது இருக்கும் சொந்த வீட்டில் சங்கச் செயலாளராக நோட்டீஸ் எழுதுவது நான்தான்.

முதலில், யார் யாருக்குத் தண்ணீர் நிற்கும் என்பதை ஊகித்து எழுதாதீர்கள். தண்ணீர் மாடிவாரியாக வருவதில்லை. மொட்டைமாடியிலிருந்து ஒவ்வொரு லைனும் நேர் கீழே இறங்குகிறது. 102, 202, 302, 402 ஆகியவற்றின் சமையலறை ஒரு லைனிலும், அதே வீடுகளின் கழிப்பறை வேறொரு லைனிலும் இருக்கலாம். கழிப்பறைக்கு மட்டும் போர் தண்ணீர் தனித் தொட்டியிலிருந்து வரும் கட்டடங்களும் உண்டு. இரண்டு நாள் முன்னதாக ஒருவர் மேலே போய் ஒவ்வொரு வால்வாகப் பத்து நிமிடம் மூட வேண்டும். கீழே இன்னொருவர் எந்தக் குழாய் நிற்கிறது என்று போனில் சொல்ல வேண்டும். தெரிந்ததைக் குழாய் மேலேயே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். திருகினாலும் மூடாத வால்வு எது, தொட்டி வாயில் தனி வால்வு இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். பிளம்பர் சொல்வது வேலை முடியும் நேரம். வீட்டில் இருப்பவருக்கு வேண்டியது குழாயில் தண்ணீர் வரும் நேரம். எங்கள் கணக்கைச் சொல்கிறேன். பத்து மணிக்கு வால்வைக் கழற்றி ஒரு மணிக்குப் புதியதை ஒட்டி முடித்தார்கள். பிளாஸ்டிக் குழாய் என்பதால் பசை காய விட வேண்டும். எவ்வளவு நேரம் என்று பசை டப்பாவிலேயே இருக்கும், குழாய் பெரிதானால் நேரமும் கூடும். நாங்கள் இரண்டு மணி நேரம் விட்டோம். மூன்று மணிக்குத் தொட்டிக்கு மோட்டார் போட்டால், மணிக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர் ஏறும். 10,000 லிட்டர் தொட்டி பாதி நிரம்பும்போது மாலை நான்கு மணி. அதுவரை கீழே இறங்கும் லைன்களைத் திறக்கவில்லை. முன்பே திறந்தால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பிடிப்பார்கள், தொட்டி ஏறவே ஏறாது. ஆக, கொஞ்சம் கூடுதலாக வைத்து, பிளம்பரின் ஒரு மணி எங்கள் நோட்டீசில் நாலரை மணி ஆனது.

மாற்று ஏற்பாடு என்றால் உண்மையில் கிடைக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். மோட்டாரிலிருந்து மேலே ஏறும் குழாயில், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறோம். கரண்ட் இருக்கும் நாளில், தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறாமல் அடைத்துவிட்டு மோட்டார் போட்டால் அங்கே வாளியில் பிடிக்கலாம். தேதியைப் பிரிக்கச் சொன்னதற்கு இதுவே பாதிக் காரணம். கீழே வர முடியாதவர்கள் வீட்டுக்குக் காவலாளி இரண்டு குடம் கொண்டுபோய்க் கொடுப்பார் என்றும் எழுதினோம், கொடுத்தார்.

எங்கள் நோட்டீஸ் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வியாழன் காலை 10 முதல் மாலை 4.30 வரை எல்லா வீடுகளிலும் சமையலறை, குளியலறைக் குழாய்களில் தண்ணீர் வராது. கழிப்பறை ஃப்ளஷ் வழக்கம்போல வரும். காலை 9.30க்குள் பிடித்து வைத்துக்கொள்ளவும். 11 முதல் 12 வரையும் 2 முதல் 3 வரையும் கீழ்த்தளக் குழாயில் பிடிக்கலாம். வெளியே கிளம்பும்போது எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுச் செல்லவும். தண்ணீர் வந்ததும் முதலில் குளியலறைக் குழாயைத் திறந்து, காற்றும் கலங்கலும் போன பிறகு ஆர்.ஓ.வையும் கீசரையும் போடவும்."

இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்பீர்கள். அரை நாள் தண்ணீர் இல்லை என்றால் படிப்பார்கள். குழாயை மூடும் வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். நான் முதலில் சொன்ன நாளில், மூன்றாம் மாடியில் இருந்த பையன்கள் மதியம் குழாயைத் திறந்து பார்த்து, வரவில்லை என்று அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். இரவு தண்ணீர் வந்ததும், பாத்திரம் அடைத்திருந்த சிங்க் நிரம்பி வழிந்து இரண்டாம் மாடி வீட்டுக் கூரை வரை ஒழுகியது.

எல்லோரும் அந்தப் பையன்களைத்தான் திட்டினார்கள். அவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓனர்களை மட்டும் சேர்த்திருந்தார்கள், நானும் அதில் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஓனருக்குத் தண்ணீர் நிற்பது தெரியும், அந்த வீட்டில் குளிக்க வேண்டியவருக்குத் தெரியாது. மாதாமாதம் மெயின்டனன்ஸ் பணத்தைக் கட்டுவது பல வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்தான். அப்படியும் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், மொட்டைமாடிச் சாவி கேட்டால் ஓனரைப் பேசச் சொல்வார்கள். வருடக்கணக்கில் அதை அனுபவித்ததால் சொல்கிறேன். ஓனர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நோட்டீஸை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களிடம் காவலாளியை வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பகலில் பல வீடுகளில் குழாயைத் திறப்பது அவர்கள்தான்.

ஈ.பி. நாளுக்குப் பெரிய நோட்டீஸ் தேவையில்லை. காலை 7 மணிக்கே மோட்டார் போட்டு 8.30க்குள் தொட்டியை நிரப்பிவிட்டால் 2 மணி வரை தாங்கும். 9 மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு லிஃப்ட்டை நிறுத்தி, ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்த பிறகு போடுவோம் என்று எழுதுங்கள். இரண்டு மணிக்குக் கரண்ட் வராவிட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் கேட்கலாம், அதையும் கீழே போட்டுவிடுங்கள்.